மூன்றாவது சிலிண்டரில் ஒரு தட்டல்

நாமக்கல் பக்கம் முட்டை ஏற்றும் மினி லாரி அது. நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், பழைய இன்லைன் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்து வண்டி. ஓனரே டிரைவர். புகார் ஒரே வரிதான்: இன்ஜின் தட்டுகிறது. ஏற்கெனவே வேறு ஓர் ஒர்க்ஷாப்பில் காட்டியிருக்கிறார். அங்கே பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கான்ராடின் பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கி கிராங்கை கிரைண்டிங் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செலவைக் கேட்டதும் மனிதருக்கு மயக்கம் வராத குறை. கடைசியாக இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று சங்ககிரியில் மேஸ்திரியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார்.

மேஸ்திரிக்கு எழுபதை ஒட்டிய வயது. சிறுவயதில் லாரி கிளீனராகப் போய், ரோட்டோரத்தில் இன்ஜின் பிரித்துத் தொழில் கற்றவர். அவரிடம் அப்போது ஒரு பையன் வேலை பழகிக்கொண்டிருந்தான். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் முடித்தவன், கை சுத்தம், பாடமும் ஞாபகத்தில் இருந்தது. நான் பக்கத்தில் டீசல் பம்பும், டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் நாசிலும் சர்வீஸ் செய்கிறவன். இந்த வேலையில் ஒரு பகுதி என் மேசைக்கு வந்ததால் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தேன். மேஸ்திரி அந்தப் பையனுக்கு இதில் கற்றுக்கொடுத்த முறையை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. தட்டல் சத்தத்தைத் தப்பாகப் படித்து நல்ல இன்ஜினை இறக்கிப் போட்ட கதைகளை எங்கள் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன்.

வண்டி வந்தது சாயங்காலம். பையன் சாவியைத் திருப்பப் போனான். மேஸ்திரி கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ராத்திரி பூரா ஆறட்டும். காத்தால பச்சையாக் கேக்கோணும்."

ஓனருக்கு அவசரம். காலையில் லோடு இருக்கிறது என்றார். மேஸ்திரி அசையவில்லை. காரணத்தைப் பையனுக்குத்தான் சொன்னார். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில் ஆயில் எல்லாம் அடியிலுள்ள சம்பில் இறங்கியிருக்கும். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் பிரஷர் ஏறுவதற்குள் ஒன்றிரண்டு விநாடி பேரிங் காய்ந்து ஓடும். பேரிங் தேய்ந்திருந்தால் அந்த ஒன்றிரண்டு விநாடியில் பலமாகத் தட்டும், ஆயில் வந்ததும் அடங்கும், இன்ஜின் சூடாகி ஆயில் இளகியதும் மறுபடி கூடும். எரிவதில் கோளாறு என்றால் போக்கு வேறு. குளிர்ந்த இன்ஜினில் டீசல் தீப்பிடிக்கத் தாமதமாகும். அதுவரை உள்ளே இறங்கிய டீசல் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எரியும். பிஸ்டன் தலையில் அது அடியாக விழும். சூடேறச் சூடேற அந்தத் தாமதம் குறையும், சத்தமும் குறையும். ஆக ஒரு சத்தம் சூட்டில் வளர்வது, இன்னொன்று சூட்டில் தேய்வது. ஏற்கெனவே ஓடி வந்து சூடாக நிற்கும் இன்ஜினில் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

மறுநாள் காலையில் பையன் நேராக ஸ்டார்ட்டருக்குத்தான் போனான். மேஸ்திரி அவனை முதலில் டிப்ஸ்டிக் எடுக்கச் சொன்னார். துடைத்து விட்டு எடுத்தான். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல்கடை ஏறி நின்றது.

"ஓனர் ஜாஸ்தி ஊத்தியிருப்பாருங்க" என்றான் பையன்.

ஓனரைக் கேட்டால், அவர் ஆயில் ஊற்றியே ரொம்ப நாளாகிறது என்றார். முன்பெல்லாம் அவ்வப்போது கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்குமாம். இப்போது குறைவதே இல்லை, அதனால் வண்டி ஆயில் குடிக்காமல் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நினைத்திருக்கிறார். மேஸ்திரி டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனார், பையனிடம் நீட்டினார். டீசல் வாடை தெளிவாக இருந்தது. பழைய செய்தித்தாளில் ஒரு சொட்டு வைத்தார்கள். கருப்பு ஆயில் நடுவில் நிற்க, அதைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் அகலமாகப் பரவியது. சம்பில் டீசல் கலந்திருக்கிறது.

இது எனக்கு மிகப் பெரிய தடயமாகப் பட்டது. சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் மேஸ்திரி அங்கேயே முடிவுக்குப் போகவில்லை. டீசல் சம்புக்குள் வர என்னென்ன வழி என்று பையனைக் கேட்டார். பையன் யோசித்து, நாசில் ஒழுகினால் எரியாத டீசல் லைனர் சுவரைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாக இறங்கும் என்றான். சரி, அப்புறம்? பையனுக்குத் தெரியவில்லை. ஃபீட் பம்ப் கசிந்தாலும் வரும், இன்ஜின் ஆயிலிலேயே ஓடும் பம்பாக இருந்தால் எலிமெண்ட் தேய்ந்தாலும் பம்ப் வழியாகவே வரும் என்றார் மேஸ்திரி. இந்த மூன்றில் தட்டல் சத்தத்தோடு சேர்ந்து வரக்கூடியது முதலாவது. மற்ற இரண்டும் ஆயிலை உயர்த்தும், ஆனால் அதனாலேயே எரிப்புச் சத்தம் மாற வேண்டும் என்றில்லை. "இதை மனசுல ஒரு ஓரமா வை. இதை வெச்சுக்கிட்டுக் காதைத் திருப்பாதே" என்றார். அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். ஒன்றை எதிர்பார்த்துக் கேட்கிறவன் அதையேதான் கேட்பான்.

இன்னொரு விஷயத்தையும் அங்கேயே சொல்லிவிட்டார். டீசல் கலந்த ஆயில் இளகிவிடும். இளகிய ஆயில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் நிற்காது. அதாவது இன்று பேரிங் நன்றாக இருந்தாலும், இப்படியே ஓட்டினால் முதல் ஒர்க்ஷாப்காரர் சொன்னது சீக்கிரமே நிஜமாகிவிடும்.

ஸ்டார்ட் செய்தார்கள். இரண்டு மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றித்தான் பிடித்தது. உடனே தட்டல் ஆரம்பித்தது. இரும்பில் சின்னச் சுத்தியல் வைத்துத் தட்டுகிற மாதிரி கூர்மையான சத்தம், "டக் டக் டக்" என்று. முதல் விநாடிகளில் பலமாக வந்து அடங்கும் ரகம் இல்லை. ஸ்டார்ட் ஆனதில் இருந்து ஒரே மாதிரி தொடர்ந்தது. சைலன்சரில் வெள்ளையும் நீலமும் கலந்த புகை, கண்ணை எரிக்கும் டீசல் வாடை. ஸ்லோவில் இன்ஜின் லேசாக ஆடியது.

"என்ன கண்ணு?" என்றார் மேஸ்திரி.

"கான்ராடு பேரிங் மாதிரி இருக்குதுங்க."

"என்ன போச்சுன்னு நான் கேக்கலை. எப்படிக் கேக்குதுன்னு கேக்கறேன்."

இந்தக் கேள்வியில் பையன் தடுமாறினான். பெயர் சொல்வது எளிது, சத்தத்தைச் சொல்வது கஷ்டம். மேஸ்திரி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கூர்மையா, மொண்ணையா? கூர்மை. மேலே கேட்கிறதா, கீழேயா? தெரியவில்லை. சூடானதும் கூடுகிறதா, குறைகிறதா? கால் மணி நேரம் ஓட விட்டார்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தபோது சத்தம் பாதியாவது குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. புகையும் குறைந்துவிட்டது.

அடுத்தது ஆக்சிலேட்டர். மெதுவாக ரேஸ் செய்து, நடுத்தர வேகத்தில் கொஞ்சம் நிறுத்தி, சட்டென்று விடச் சொன்னார். இதில்தான் இரண்டு சத்தமும் பிரியும் என்பது அவர் கணக்கு. தேய்ந்த ராடு பேரிங் அப்படி விடும் நேரத்தில்தான் வாயைத் திறக்கும். அதுவரை பிஸ்டன் ராடைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது, பேரிங் ஒரே பக்கம் அழுந்தி நிற்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் தள்ளுவது நின்று, கிராங் பிஸ்டனை இழுக்க ஆரம்பிக்கிறது. இடைவெளி இருந்தால் ராடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும், "டொக்டொக்" என்று இரட்டையாக, கனமாகக் கேட்கும். எரிப்புத் தட்டல் என்றால் நேர் எதிர். ஆக்சிலேட்டரை விட்டதும் பம்பிலுள்ள கவர்னர் டீசலை வெட்டிவிடுகிறது. டீசலே இல்லாதபோது எரிப்பு ஏது, தட்டல் ஏது?

பையன் மூன்று நான்கு தடவை செய்து பார்த்தான். விடும்போது சத்தம் அனேகமாக அறுந்துபோனது. ஸ்பீடு இறங்கி ஸ்லோவுக்கு வந்து டீசல் மறுபடி போனதும் திரும்ப வந்தது.

"விடும்போது இல்லீங்க" என்றான், கொஞ்சம் ஆச்சரியமாக.

மேஸ்திரி தலையை மட்டும் ஆட்டிவிட்டு நீளமான ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக் கொடுத்தார். நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்கச் சொன்னார். ஃபேனையும் பெல்ட்டையும் விட்டுத் தள்ளி நிற்க வைத்த பிறகுதான் கொடுத்தார். முதலில் நான்கு நாசிலுக்கும் பக்கத்தில் ஹெட்டில், பிறகு பிளாக்கின் நடுவில், பிறகு சம்ப் போல்ட்டுக்கு மேலே. மூன்றாவது நாசில் பக்கத்தில் காதில் அறைந்தது போல் கேட்டது. ஆனால் கீழே பிளாக்கிலும் நன்றாகவே கேட்டது. வார்ப்பு இரும்பு சத்தத்தை எங்கும் கொண்டுபோகும். அதனால் ஸ்க்ரூட்ரைவர் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், எந்தச் சாமான் என்று உறுதியாகச் சொல்லாது.

அப்புறம் எல்லா டீசல் மெக்கானிக்கும் செய்யும் சோதனை. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, 17 ஸ்பானர் போட்டு நாசில் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்குப் போகும் டீசல் வெளியே கசிந்துவிடும், அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, எதைத் தளர்த்தும்போது தட்டல் போகிறது என்று பார்ப்பது. மேஸ்திரி நட்டைச் சுற்றித் துணி போடச் சொன்னார், கையையும் முகத்தையும் நட்டுக்கு நேரே வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஊசி குத்தியது போல் சின்னதாகத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரயில் வண்டிகளில் இந்தச் சோதனை கூடவே கூடாது. அங்கே பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். அதில் ஸ்கேனர் மூலமாகத்தான் சிலிண்டரை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இரண்டு தளர்த்தியபோது இன்ஜின் நன்றாகவே தள்ளாடியது, தட்டல் அப்படியே இருந்தது. நான்கும் அதே. மூன்றைத் தளர்த்தியதும் தட்டல் நின்றுபோனது. கூடவே பையன் கவனிக்காததை மேஸ்திரி கவனித்தார்: மூன்றைத் தளர்த்தியபோது ஸ்பீடு மற்றவற்றின் அளவுக்கு இறங்கவில்லை. அந்தச் சிலிண்டர் சத்தம் போடுகிறதே தவிர வேலை சரியாகச் செய்யவில்லை.

பையன் முகம் மலர்ந்தது. "மூணாவது ராடு பேரிங்தானுங்க. டீசலை வெட்டினதும் லோடு போயிருது, ராடு அடிக்கறது நின்னுருது. அதான் சத்தம் போயிருச்சு."

பாடப்படி அவன் சொன்னது தப்பே இல்லை. எரிப்பு நின்றால் ராடின் மேல் விழும் அடி நின்றுவிடும், தேய்ந்த பேரிங்கும் அமைதியாகும். முதல் ஒர்க்ஷாப்பும் இதே சோதனையைச் செய்து இதே முடிவுக்குத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிஸ்டன் பின் தேய்ந்திருந்தாலும் இதில் சத்தம் மாறும்.

"சரி. நாசில் ஒழுகி, டீசல் மொத்தமா எரிஞ்சு அடிச்சா, அப்ப பைப்பைத் தளர்த்தினா என்ன ஆகும்?"

பையன் பதில் சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.

"அதுவும் நின்னுருமுங்க."

"அப்ப இந்த சோதனை என்ன சொல்லுச்சு?"

"மூணாவது சிலிண்டர்னு சொல்லுச்சுங்க."

"அவ்வளவுதான் சொல்லுச்சு. மிச்சத்தை நீ சொன்னே."

எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் தேவையில்லாமல் இறக்கப்பட்ட இன்ஜின்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன. சோதனை சரியாகத்தான் செய்யப்பட்டிருக்கும். அது சொல்லாததையும் சேர்த்துக்கொண்டதுதான் தப்பு. இரண்டு காரணத்துக்கும் ஒரே பதில் வரும் சோதனையை வைத்துக்கொண்டு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும்படி ஒரு சோதனை வேண்டும்.

அது என்ன என்று மேஸ்திரி சொல்லவில்லை. டீ சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பையன் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றான். டீ வந்து ஆறியும் விட்டது. கடைசியில் அவனே வந்து, "நாசிலைக் கழட்டி வேற சிலிண்டர்ல போட்டா... சத்தமும் கூட வந்தா நாசிலு, வரலைன்னா உள்ள இருக்கறது, அப்படித்தானுங்களே?" என்றான்.

"போடு" என்றார் மேஸ்திரி.

மூன்றாவதை இரண்டோடு மாற்றப் போனவனை, ஒன்றோடு மாற்றச் சொன்னார். பக்கத்துச் சிலிண்டரில் போட்டால் சத்தம் நகர்ந்ததா என்று காதுக்குக் குழப்பமாக இருக்கும். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போட்டால் தெளிவாக இருக்கும். கழற்றுவதற்கு முன் இரண்டு நாசிலிலும் பெயிண்ட் குறி வைத்தான். நாசிலைச் சுற்றியிருந்த மண்ணையும் கரியையும் காற்று அடித்துச் சுத்தம் செய்த பிறகே கிளாம்பைத் தளர்த்தினார்கள், இல்லையென்றால் அந்தக் குப்பை முழுக்க ஓட்டை வழியாக பிஸ்டன் மேல் விழும். நாசில் வந்ததும் அடியில் இருக்க வேண்டிய காப்பர் வாஷர் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். வராமல் ஓட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதிய வாஷரும் போட்டால், நாசில் மூக்கு ஒரு வாஷர் உயரம் மேலே நின்றுவிடும், டீசல் தூவும் இடம் மாறிவிடும். இங்கே இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவது நாசிலின் வாஷரைப் பார்த்ததும் மேஸ்திரி அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். எதற்கு என்று அப்போது சொல்லவில்லை.

புது வாஷர் போட்டு மாற்றி வைத்து, கிளாம்ப் நட்டு இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பைப்பில் காற்று எடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். தட்டல் இருந்தது. பையன் உடனே மூன்றாவது பைப்பைத் தளர்த்தினான். இன்ஜின் தள்ளாடியது, தட்டல் மாறவில்லை. ஒன்றாவதைத் தளர்த்தினான். தட்டல் அறுந்தது.

சத்தம் நாசிலோடு ஒன்றாவது சிலிண்டருக்குப் போய்விட்டது. ராடும் பேரிங்கும் பிஸ்டனும் மூன்றாவதிலேயே இருக்க, சத்தம் மட்டும் இடம் மாற வழியே இல்லை. முதல் ஒர்க்ஷாப் சொன்ன இன்ஜின் இறக்கும் வேலை அந்த நிமிடத்தில் முடிந்துபோனது.

இதில் மறுபக்கத்தையும் பையன் சொல்ல வேண்டும் என்று மேஸ்திரி விடவில்லை. சத்தம் மூன்றாவதிலேயே நின்றிருந்தால்? பேரிங்தான் என்று சொல்லிவிடலாமா? பையன் இந்தத் தடவை நிதானமாக யோசித்தான். மூன்றாவதுக்கு வரும் பம்ப் எலிமெண்டும் டெலிவரி வால்வும் அங்கேயேதான் இருக்கின்றன, நாசிலை மாற்றினாலும் அவை மாறவில்லை. கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் டீசல் தாமதமாகத் தீப்பிடித்துத் தட்டும். அதனால் பேரிங் என்று சொல்வதற்கு முன் கம்ப்ரஷனையும் பம்பையும் பார்க்க வேண்டும். மேஸ்திரி இதற்கும் தலையைத்தான் ஆட்டினார், ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக.

நான்கு நாசிலும் என் மேசைக்கு வந்தன. கை லீவர் டெஸ்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். இந்த ரக இன்ஜினுக்கு நாசில் சுமார் 200 பாரில் திறக்க வேண்டும். மற்ற மூன்றும் அதற்குக் கொஞ்சம் கீழே, பரவாயில்லாமல் திறந்தன. முதலில் மூன்றாவதில் இருந்தது 150ஐத் தாண்டுவதற்குள்ளேயே விட்டுவிட்டது. நல்ல நாசில் லீவரை அழுத்தும்போது "கிர்ர்" என்று பேசும், டீசல் புகை மாதிரி தூவும். இது பேசவே இல்லை. தூவாமல் ஒரு பக்கம் கம்பியாகப் பீச்சியது. அடுத்து, திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே நிறுத்திப் பத்து விநாடி பார்த்தோம். நல்ல நாசில் மூக்கு நுனி காய்ந்தே இருக்கும். இதில் சொட்டு திரண்டு, கீழே விழுந்து, அடுத்த சொட்டும் திரண்டது.

அந்தச் சொட்டில் எல்லாப் புகாருக்கும் பதில் இருந்தது. சீக்கிரம் திறப்பதால் டீசல் நேரத்துக்கு முன்னாலேயே இறங்குகிறது. தூவாமல் சொட்டாக இறங்குவதால் தீப்பிடிக்க நேரமாகிறது, பிடிக்கும்போது சேர்ந்தது எல்லாம் ஒரேயடியாக எரிகிறது: அதுதான் தட்டல். எரியாமல் போனது வெள்ளைப் புகையாக வெளியே போகிறது. சுவரில் ஒட்டியது சம்புக்குள் இறங்கி டிப்ஸ்டிக்கில் ஏறி நிற்கிறது. பையன் டெஸ்டர் லீவரைத் தானே பலமுறை அழுத்திப் பார்த்தான். நல்ல நாசிலையும் கெட்ட நாசிலையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டான். நான் தடுக்கவில்லை.

இங்கேயே நாசிலை மாற்றிக் கொடுத்து அனுப்பலாம். பெரும்பாலான இடங்களில் அதுதான் நடக்கும். ஆனால் நான்கில் மூன்று நன்றாக இருக்க, ஒன்று மட்டும் ஏன் கெட்டது என்பது பாக்கி. டீசலில் தண்ணீரோ தூசியோ இருந்தால் நான்கையும் தொட்டிருக்கும். மேஸ்திரி டப்பாவைத் திறந்து அந்தப் பழைய காப்பர் வாஷரை வெளியே எடுத்தார்.

வாஷரின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று அழுந்தியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை கருப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. நாசிலைப் பிரித்து மூக்கைத் துடைத்துப் பார்த்தால், அதே பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. எஃகு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் நிறம் அது. உள்ளே நீடில் நகரும்போது ஒரு இடத்தில் பிடித்தது, அதன் கூம்பு சீட்டிலும் அடையாளம் இருந்தது.

பையனே கோர்வையாகச் சொல்லி முடித்தான். முன்பு எப்போதோ நாசில் கழற்றி மாட்டியபோது பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், கிளாம்பையும் ஒரு பக்கம் முதலில் முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் இறுக்கியிருக்கிறார்கள். வாஷர் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் இடைவெளி விட்டுவிட்டது. ஒவ்வொரு எரிப்பிலும் அந்த இடைவெளி வழியாக நெருப்புக் காற்று நாசில் மூக்கைத் தழுவி மேலே போயிருக்கிறது. மூக்கு வெந்து, எஃகு பதம் இழந்து, நீடில் சீட்டில் சரியாக உட்கார முடியாமல் போயிருக்கிறது. ஓனரைக் கேட்டால், வெகு நாளைக்கு முன் ஸ்டார்ட்டிங் பிரச்சினைக்கு யாரோ நாசில் கழற்றிப் பார்த்ததாகச் சொன்னார்.

காப்பர் வாஷர் ஒருமுறை அழுந்தினால் இறுகிவிடும், இரண்டாம் முறை அந்த வடிவத்துக்கு வளைந்து கொடுக்காது. புது வாஷர் கிடைக்காத அவசரத்தில் அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும். பழைய ஆட்கள் ரோட்டோரத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இவ்வளவு மலிவான சாமானில் மிச்சம் பிடிப்பதை மேஸ்திரி ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை, நானும்தான்.

கெட்ட நாசிலுக்கு எலிமெண்ட் புதிதாகப் போட்டு, நான்கையும் ஷிம் மாற்றி ஒரே அழுத்தத்துக்குச் செட் செய்து கொடுத்தேன். ஒன்றை மட்டும் செட் செய்தால் ஸ்லோவில் இன்ஜின் ஆட்டம் முழுதாகப் போகாது. ஹெட்டில் மூன்றாவது ஓட்டையின் அடியில் கரி படிந்திருந்த இடத்தைக் கட்டரால் லேசாகச் சுத்தம் செய்தார்கள். நான்கு புது வாஷர். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள், இதில் ஓனருக்கு முதலில் சம்மதமில்லை. மாற்றி அதிக நாள் ஆகவில்லை என்றார். டீசல் கலந்த ஆயிலை விட்டு வைத்தால் இந்த வேலையே வீண் என்று மேஸ்திரி பிடிவாதமாக நின்றார்.

கழற்றிய ஆயில் ஃபில்டரைப் பையன் குப்பையில் போடப் போனான். அதை அறுத்து, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. டீசல் கலந்த ஆயிலோடு ஓடியதில் பேரிங்குக்குச் சேதம் வந்திருக்கிறதா என்று இன்ஜினைத் திறக்காமல் பார்க்க இது ஒரு வழி. அலமாரியில் இருந்து ஒரு பழைய ராடு பேரிங் ஷெல்லை எடுத்து அவன் கையில் வைத்தார். மேலே இருக்க வேண்டிய சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து, நடுவில் செம்பு நிறம் தெரிந்தது. இப்படித் தேயும்போது அந்தப் பூச்சும் செம்பும்தான் மினுமினுப்பாக ஃபில்டரில் வந்து சேரும். இந்த வண்டியின் ஃபில்டரில் கரி இருந்தது, மினுமினுப்பு இல்லை.

ஸ்டார்ட் செய்தபோது தட்டல் இல்லை. டீசல் இன்ஜினுக்கு உரிய சாதாரணக் கடகடப்பு மட்டும். ஆனால் மேஸ்திரி சாவியைக் கொடுக்கவில்லை. வண்டியில் பையனை ஏற்றிக்கொண்டு நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வந்து, ஸ்லோவில் ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்தார்கள், நிலையாக நின்றது. ரேஸ் செய்து சட்டென்று விட்டுப் பார்த்தார்கள், பலமுறை. அந்தக் கனமான இரட்டைத் தட்டல் இல்லை. பேரிங் தப்பித்திருக்கிறது என்று அப்போதுதான் ஓனரிடம் சொன்னார். அதுவும் முழு உத்தரவாதமாகச் சொல்லவில்லை. கொஞ்ச காலம் இளகிய ஆயிலில் ஓடிய பேரிங், அதனால் பிரஷர் முள்ளையும் ஆயில் அளவையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

500 கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லியிருந்தார். ஓனர் வந்தார். டிப்ஸ்டிக்கில் ஆயில் விட்ட இடத்திலேயே நின்றது, டீசல் வாடை இல்லை. பையன் கேட்காமலே ஸ்பானரை எடுத்து நான்கு நாசில் கிளாம்ப்பையும் சரிபார்த்தான், பிறகு நாசிலைச் சுற்றி ஆயில் தடவி, இன்ஜினை ஓடவிட்டுக் குமிழ் வருகிறதா என்று பார்த்தான். மூன்றாவதிலும் வரவில்லை.